விலகி உட்காராமல் இடித்த பொடி

இட்லிப் பொடியால் ஒரு பெண்ணின் படிப்பு நிற்குமா என்று என்னைக் கேட்டால், நிற்கும் என்றுதான் சொல்வேன். என் படிப்பு மூன்று மாதம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபம் எனக்குச் சிறுவயதிலிருந்தே கொஞ்சம் அதிகம்.

நாங்கள் மலாக்காவில், காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்கு ஒட்டினாற்போல ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா ஒரு வக்கீல் ஆபிசில் கிராணி, அதாவது குமாஸ்தா. அம்மா வீட்டில். நான் ஒரே பெண். சுதந்திரம் வந்து ஓராண்டு கூட ஆகவில்லை, ஊரே இன்னும் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று மிதந்துகொண்டிருந்த காலம். அந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கு இரண்டு வருடம் இங்கிலாந்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. செலவெல்லாம் அரசாங்கத்துடையது. எனக்கு இருபத்தொரு வயது ஆகாததால் அப்பா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மூன்று மாத அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "உங்கம்மா சரின்னா எனக்கும் சரி" என்றார். ஆபிசில் எத்தனையோ பேருடைய வழக்குக் காகிதங்களை மடமடவென்று எழுதித் தள்ளுகிற மனுஷர், வீட்டில் ஒரு கையெழுத்துக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அம்மா சரி என்று சொல்லவில்லை. கப்பலையோ குளிரையோ வெள்ளைக்காரனையோ அவள் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க போய் என்னத்த திம்பே?"

நாங்கள் சைவம். முட்டை கூட வீட்டுக்குள் வராது. பக்கத்து வீட்டில் இறால் பெலாச்சான் சுட்டால் அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு ஊதுபத்தி கொளுத்துவாள். அப்படிப்பட்டவளுக்கு, மாட்டையும் பன்றியையும் தட்டில் வைத்து நீட்டுகிற ஊருக்குப் பெண் போவது என்றால் எப்படி மனசு ஒப்பும்?

"ரொட்டி இருக்கும்மா. ரொட்டியில இட்லிப் பொடியைப் போட்டு எண்ணெய் ஊத்தித் தின்னுக்கறேன்."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். ஆனால் அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். நின்று யோசித்தாள். அவளுக்கு அவள் பொடிமேல் இருந்த நம்பிக்கை அப்படி.

"கப்பல்லயே ஒரு மாசம் ஆகுமாமே. இந்த ஊரு ஈரத்துல பொடி ஒரு மாசம் தாங்குமா?"

"தாங்காதா பின்ன?"

"நான் ஒரு டின்னு இடிச்சு மூடி வெக்கிறேன். ஒரு மாசம் கழிச்சுத் தொறப்போம். கெடாம இருந்துச்சுன்னா போ. கெட்டுச்சுன்னா பேச்சை விட்டுடு."

அப்பா தலையை ஆட்டினார். வக்கீல் ஆபிசுக்காரருக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் கிடைத்தால் போதுமே! நானும் ஒப்புக்கொண்டேன். முட்டாள்.

அம்மா மறுநாளே ஆரம்பித்தாள். காலையில் காய்ந்த மிளகாயை முறத்தில் பரப்பி வெயிலில் வைத்தாள். மலாக்காவில் கடையிலிருந்து வாங்கி வருகிற மிளகாய் சருகாக இருக்காது, தோல் மாதிரி வளையும். இரண்டு மணி நேரம் வெயில் பட்டால்தான் கையில் எடுத்து உலுக்கும்போது விதை கலகலக்கும். பிறகு கரி அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்தாள். உளுந்தை முதலில் போட்டு, கரியைத் தணித்து, கைவிடாமல் கிளறினாள். அவசரப்பட்டால் மேலே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும், ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்தால் பல்லில் ஒட்டும். கடலைப்பருப்பு இன்னும் நேரம் வாங்கும் என்பதால் அதைத் தனியாக வறுத்தாள். எள்ளைத் தனியாகப் போட்டு, படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கினாள். பெருங்காயக் கட்டியை நல்லெண்ணெயில் பொரித்து, அதே எண்ணெயில் மிளகாயைப் போட்டு, நெடி கிளம்பாமல் இருக்க ஒரு பிடி கல்லுப்பையும் கூடவே தட்டினாள். உப்பில் இருக்கிற ஈரமும் அதோடு போய்விடும். என்னதான் உப்புப் போட்டாலும் எனக்குத் தும்மல் வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. சட்டிக்கு முன்னால் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் உரல் பின்பக்கத்து அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் இருந்தது. பாதிக் கூரை ஓட்டை. அம்மா வறுத்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு போகும்போதே தெங்கேராப் பக்கம், கடலுக்கு மேலே வானம் கறுத்துவிட்டது. மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று சட்டிச் சூடு ஆறாமலே உரலில் கொட்டினாள். மிளகாயையும் உப்பையும் முதலில் இடித்து, பருப்பைப் போட்டு ரவை பதத்துக்கு உடைத்து, கடைசியில் எள்ளைப் போட்டு நாலே நாலு இடி. எள்ளை அதிகம் இடித்தால் எண்ணெய் விட்டுப் பொடி பிசுபிசுக்கும். முதல் தூறல் விழுவதற்குள் உரலிலிருந்து அள்ளி நேரே பிஸ்கட் டின்னில் போட்டு, மூடியை அழுத்தி, சுற்றிலும் காகிதத்தைக் கோந்து தடவி ஒட்டிவிட்டாள். மழை கொட்டியது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஒரு சொட்டு படல பாத்தியா!"

நான் டின்னைத் தொட்டுப் பார்த்தேன். குளித்துவிட்டு வந்த குழந்தையின் முதுகு போல வெதுவெதுப்பாக இருந்தது. அப்போது எனக்கு அதில் எதுவும் தோன்றவில்லை.

டின் அடுக்களைப் பலகையில் ஏறி உட்கார்ந்தது. நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போர்டு ஸ்கூலில் தற்காலிக வாத்தியாராகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏழு ஏழாகப் பெருக்கச் சொல்லிக்கொடுக்கும்போது கூட மனசு அந்தப் பலகையில்தான் இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எனக்கு வீட்டுக்குத் தூரமானது. எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு சட்டம் உண்டு. பின்பக்கத்துச் சின்ன அறையில் தனிப்பாய், தனித்தட்டு, தனி டம்ளர். மூன்று நாள் அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது, சாமி படத்தைப் பார்க்கக் கூடாது. முக்கியமாக ஊறுகாய் ஜாடி, வடாம், பொடி டின் இதையெல்லாம் தொடவே கூடாது. தொட்டால் கெட்டுவிடும். வெளியே வேலைக்குப் போகலாம், நாற்பது பிள்ளைகளைத் தொடலாம், சாக்கட்டியைத் தொடலாம். வீட்டுக்கு வந்தால் ஊறுகாய் ஜாடி என்னைக் கண்டு பயந்துவிடும். அம்மாவும் அவளுடைய நாட்களில் அதே அறையில்தான் உட்காருவாள். அப்போது சமையல் என் தலையில் விழும்.

அன்றைக்கு அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மழை. அடுக்களையில் டக் டக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் கூரை ஒழுகி, சொட்டு சரியாகப் பொடி டின்னுக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் டின்மேல் விழும். நான் யோசிக்கவே இல்லை. உள்ளே போய் டின்னை இரண்டு கையாலும் தூக்கி மறு ஓரத்தில் வைத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா வந்ததும் சொல்லவும் செய்தேன். "ஒழுகுச்சும்மா, டின்னைத் தள்ளி வெச்சேன்." அம்மாவின் முகம் சுருங்கியது. டின்னை ஈரத்துணியால் துடைத்தாள்.

ஒரு மாதம் ஆனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லியை வேகவைத்துவிட்டு, அப்பா முன்னிலையில் அம்மா காகிதத்தைக் கிழித்து மூடியைத் திறந்தாள்.

ஐயோ. அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஓரமெல்லாம் பொடி கட்டி தட்டி, மேலே சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. கரண்டியைப் போட்டால் அடை மாதிரி பெயர்ந்து வந்தது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் அன்னைக்கே நெனச்சேன். தூரத்துல இருந்துக்கிட்டு டின்னைத் தொட்டா. எம் பொடி இருபது வருஷத்துல ஒரு தடவை கெட்டதில்ல."

"டின்னைத்தானேம்மா தொட்டேன்! பொடியையா தொட்டேன்?"

"டின்னென்ன, பொடியென்ன? எல்லாம் ஒண்ணுதான். பேச்சை விட்டுடறேன்னு சொன்னே, விட்டுடு."

அப்பா இட்லிக்குச் சீனி தொட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். எனக்கு அம்மாமேல் வந்த கோபத்தைவிட அவர்மேல்தான் அதிகம் வந்தது. நாட்டுக்கே மெர்டேக்கா கொடுத்துவிட்டார்கள், எனக்கு அடுக்களைப் பலகையில் ஒரு டின்னை நகர்த்த உரிமை இல்லையாம்!

அம்மா பொடியைக் குப்பையில் கொட்டி டின்னைக் கழுவப் போட்டாள். நான் கிணற்றடியில் உட்கார்ந்து அதைத் தேய்க்கும்போது மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில் வட்ட வட்டமாகத் துரு. மேலிருந்து ஒரு சொட்டு விழவில்லை, கிழித்தபோது வெளிக்காகிதம் காய்ந்தே இருந்தது. அப்படியானால் இந்தத் துரு எங்கிருந்து வந்தது? சோற்றுப் பானையை மூடினால் மூடியில் தண்ணீர் கோத்து நிற்குமே, அதுதான். டின் வெதுவெதுவென்று இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சூட்டோடு அடைத்த பொடி உள்ளேயே வேர்த்து, வேர்வை பொடிமேலேயே சொட்டியிருக்கிறது.

ஓடிப்போய் அம்மாவிடம் மூடியைக் காட்டினேன். "சூடா மூடுனதாலம்மா! இங்க பாரு!"

"இத்தனை வருஷமா எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு? எப்பவும் சூடாத்தான் இடிப்பேன்."

எப்போதும் சூடாக இடிப்பாள், வாஸ்தவம். ஆனால் எப்போதும் மழை துரத்தாது. மற்ற நாளில் இடித்ததை முறத்தில் கொட்டி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டுத்தான் அள்ளுவாள். ஆற வைக்கிறோம் என்று தெரியாமலே ஆற வைத்துக்கொண்டிருந்தாள். இதை நான் எவ்வளவு சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. அவள் காதை மூடிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, வாயால் சொல்லி ஆகப்போவதில்லை, செய்துதான் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு அடுத்த வாரம் மூவாரில் இருந்த சின்னம்மாவுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்தது. அன்றைக்குக் காலையில்தான் நான் பாயை எடுத்துப் பின்னறையில் போட்டிருந்தேன். அம்மா பையில் துணியைத் திணித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா கடையில சாப்பாடு வாங்கியாந்து தருவாரு. நீ அடுப்படிப் பக்கமே போகாத. சொல்றது காதுல விழுதா?"

"விழுது."

விழுந்தது. மறுநாள் அப்பா ஆபிசுக்குக் கிளம்பி சைக்கிள் முனை திரும்பியதும் நான் நேரே அடுக்களைக்குள் போனேன். தாழ்ப்பாளைக் கூடப் போடவில்லை. திருட்டுத்தனமாகச் செய்கிறேன் என்று எனக்கே தோன்றக் கூடாது என்று கதவை விரியத் திறந்து வைத்தேன். ஆனால் பயமாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது ஒரே நாளில் போய்விடுமா? உளுந்து டின்னைத் தொடும்போது அது பாம்பாக மாறிக் கொத்தும் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். கொத்தவில்லை. உளுந்து உளுந்தாகவே இருந்தது.

பள்ளிக்கூடம் விடுமுறை. வெயிலும் நன்றாக இருந்தது. மிளகாயைக் காய வைத்தேன். உளுந்து, கடலைப்பருப்பு, எள், பெருங்காயம் எல்லாம் அம்மா செய்த மாதிரியே செய்தேன், ஒரே ஒரு வித்தியாசம், மிளகாயோடு உப்புப் போட மறந்து, பிறகு தனியாக வறுத்துச் சேர்த்தேன். நெடி கிளம்பிப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த செட்டி வீட்டில் புகுந்தது.

அங்கே இருந்த அம்மாளை நாங்கள் பீபிக் என்று கூப்பிடுவோம். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். எங்களைவிட அதிகமாகக் கோயிலுக்குப் போகிறவர், தலைமுறை தலைமுறையாக மலாய் பேசிவரும் செட்டிகள் என்பதால் தமிழ் மட்டும் வராது. வேலிமேல் தலையை நீட்டி ஒரு பாட்டம் இருமித் தீர்த்தார்.

"ஆடோய்! யாரைக் கொல்லப் போறே?" என்று மலாயில் கத்தினார்.

"மன்னிச்சிடுங்க பீபிக், பொடி வறுக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார், பின்னறை ஜன்னலில் தெரிந்த தனிப்பாயைப் பார்த்தார். எங்கள் வீட்டுச் சட்டம் அவருக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஒரு மாசம் கழிச்சுத் தெரியும்."

பீபிக் ஒரு நிமிஷம் யோசித்தார். "நான் எதையும் பார்க்கல. எம் கண்ணுதான் எரியுதே, எப்படிப் பார்ப்பேன்?" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

இடித்து முடித்ததும் பொடியை இரண்டாகப் பிரித்தேன். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிப் போத்தல். இரண்டையும் வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்துக் காய வைத்திருந்தேன். ஒரு பாதியை உரலிலிருந்து சூட்டோடு அள்ளி முதல் போத்தலில் போட்டு மூடியை இறுக்கினேன். கால் மணி நேரத்தில் கண்ணாடியின் கழுத்தில் பனி படர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். மறு பாதியை நாளிதழ்மேல் மெல்லிசாகப் பரப்பி, மல்துணியால் மூடி, சாயங்காலம் வரை ஆற விட்டேன். தொட்டால் ஜில்லென்று இருந்ததும் இரண்டாம் போத்தலில் அடைத்தேன். இரண்டிலும் பட்டது ஒரே கை. ஒரே நாள். கை காரணமென்றால் இரண்டும் கெட வேண்டும். சூடு காரணமென்றால் ஒன்று மட்டும்தான் கெட வேண்டும். இதில் அம்மா எங்கே ஓடுவாள்?

இரண்டு போத்தலையும் என் டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில் வைத்தேன். அம்மா மூன்றாம் நாள் திரும்பி வந்தாள், சின்னம்மாவுக்கு ஆண் குழந்தை. அடுப்படிக்குள் போய் மூக்கை உறிஞ்சினாள். "பெருங்காய வாடை அடிக்குதே?" என்றாள். நான் பின்னறையில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு மாதம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த பெரிய காரியம். பெட்டியைத் திறந்து பார்க்கக் கூட இல்லை. அடுத்த மாதத்து மூன்று நாளும் முடியட்டும், யாரும் எதற்கும் சாக்குச் சொல்லக் கூடாது என்று அதையும் பொறுத்து, தலைக்குக் குளித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு போத்தலையும் எடுத்தேன். காகிதம் அனுப்ப இன்னும் பதினேழு நாள் இருந்தது.

முதல் போத்தல் கட்டி தட்டிப் பூத்திருந்தது. இரண்டாம் போத்தலைச் சாய்த்தால் மணல் மாதிரி சரசரவென்று ஓடியது. மூடியைத் திறந்தேன். அன்று இடித்த வாசனை அப்படியே.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இட்லி வைத்து, இரண்டாம் போத்தலிலிருந்து பொடி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினேன். போத்தலைத் தள்ளி மறைத்து வைத்துவிட்டேன். அம்மா ஒரு விள்ளல் தொட்டு வாயில் போட்டாள். மென்றாள். இன்னொரு விள்ளல்.

"நல்லாருக்கே. மிளகாய்தான் கொஞ்சம் தூக்கல். யாரு செஞ்சது?"

"நான்தான்."

"எப்போ?" அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு கணம் மனசு இளகியது. சொல்லாமல் விட்டுவிடலாம். எப்போதோ செய்தேன், ஒரு மாதம் கெடவில்லை பார் என்றால் போதும், கையெழுத்துக் கிடைத்துவிடும், கப்பலேறிவிடலாம். ஆனால் அப்படிப் போனால் நான் மட்டும்தான் போவேன், அந்தப் பாய் அங்கேயே கிடக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

"நீ மூவாருக்குப் போன மறுநாள்."

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. நான் இரண்டு போத்தலையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"ரெண்டும் ஒரே நாள்ல, இதே கையால இடிச்சது. இதைச் சூடா மூடுனேன், கெட்டுருச்சு. இதை ஆற வெச்சு மூடுனேன், நீ தின்னுக்கிட்டிருக்கே. என் கைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா."

அப்பா மென்றதை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா எழுந்தாள். கிணற்றடிக்குப் போனாள். வாயைக் கொப்பளித்தாள், கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரப் புடவையோடு உள்ளே வந்தவள் என் முன்னால் நின்றாள்.

"என்னை ஏமாத்தித் தின்ன வெச்சிட்டே இல்ல?"

"ஆமா. சொன்னா தின்னிருப்பியா?"

அதன் பிறகு ஒன்பது நாள் என்னோடு பேசவே இல்லை. சோறு போடுவாள், தட்டைத் தள்ளுவாள், அவ்வளவுதான். நான் செய்தது அநியாயம்தான், அவள் வாய்க்குள் போவதை அவளுக்குத் தெரியாமல் முடிவு செய்தது தப்புதான். அதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன். பொடி இடித்ததற்கு வருத்தப்படவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அப்பாவிடம் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். "அம்மா இன்னும் சரின்னு சொல்லலையேம்மா" என்றார். "கெடாம இருந்தா போன்னு சொன்னாங்கல்ல? கெடலையே!" என்று கத்தினேன். அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் செருகிக்கொண்டார்.

பத்தாம் நாள் காலையில் எழுந்தபோது பின்னறையில் அம்மாவின் பாய் விரித்திருந்தது. தனி டம்ளர் பக்கத்தில். அவளுடைய நாள். சரி, இன்றைக்குச் சமையல் நம் தலையில் என்று முகம் கழுவிக்கொண்டு அடுக்களைக்குள் போனேன்.

அம்மா அங்கே இருந்தாள். அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்து உளுந்து வறுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கிளறினாள். முகம் சிவந்து கிடந்தது. சட்டிக்கு முன்னால் அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இருபத்திரண்டு வருஷம் அந்த ரூம்புல உக்காந்தேன்" என்றாள். "நீ வயித்துல இருந்தப்பதான் ஒரு பத்து மாசம் இல்ல. மத்தபடி மாசம் தவறாம. காய்ச்சல்ல உக்காந்தேன். ஜப்பான்காரன் காலத்துல, எப்ப யார் வருவான்னு தெரியாம, கதவில்லாத ரூம்புல தனியா உக்காந்தேன். நீ ரெண்டு போத்தலைக் கொண்டாந்து வெச்சு, எல்லாம் சும்மாங்கறே."

"அம்மா..."

"சும்மான்னா நான் எதுக்குடி உக்காந்தேன்?"

பக்கத்தில் போய் உட்கார்ந்து கடலைப்பருப்பைப் புடைத்தேன்.

அந்த நேரத்தில் அப்பா காப்பி கேட்டுக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார். பின்னறையில் விரித்த பாயைப் பார்த்தார், அடுப்படியில் அம்மாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அம்மா. "அந்தக் காகிதத்தை எடுத்தாந்து இங்க, எம் முன்னாடி கையெழுத்துப் போடுங்க."

போட்டார். அடுக்களைச் சுவரில் காகிதத்தை வைத்து, நின்றபடியே போட்டார். பேனா மை கசிந்து கொஞ்சம் பரவியது. பரவட்டும், கையெழுத்துக் கையெழுத்துதானே.

அன்று முழுவதும் இரண்டு பேரும் வறுத்தோம், இடித்தோம். மிளகாயை என்னை வறுக்கச் சொன்னாள், உப்பை மறக்காதே என்றாள். பொடியைப் புதுத் துணியில் பரப்பிவிட்டுச் சாயங்காலம் வரை அவளே பக்கத்தில் உட்கார்ந்து விசிறியால் ஈ விரட்டினாள். நாலு போத்தல் வந்தது. ஒவ்வொன்றாக மூடும்போது சொன்னாள்.

"இது எங் கை. இந்த மூணு நாளுக்குள்ள இடிச்சது. கெட்டாலும் எழுதிப் போடு, கெடலைன்னாலும் எழுதிப் போடு. எனக்குத் தெரியணும்."

கப்பலில் இருபத்தைந்து நாள், பிறகு விடுதியில் குளிர்காலம் முழுக்க. காலையில் ரொட்டி, அதன்மேல் பொடி. நல்லெண்ணெய் தீர்ந்தபிறகு வெண்ணெயில் குழைத்தேன். பக்கத்துக் கட்டில் பினாங்குப் பெண் ஒரு போத்தலை முழுசாகத் தின்று தீர்த்தாள். நாலாவது போத்தலின் அடியைத் தட்டிய அன்றைக்கு மாசி பிறந்திருந்தது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் கடிதங்களையெல்லாம் அப்பாதான் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக் காட்டுவார். அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதினேன். ஊர்க்கதை, குளிர், படிப்பு எதையும் அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. அப்பா தன் வாயால் சொல்ல வேண்டிய ஒரே வரியைத்தான் எழுதி அனுப்பினேன்.

"அம்மா, நீ தூரமாக இருந்த நாளில் இடித்த பொடி கடைசிக் கரண்டி வரை கெடவில்லை."